ஒரு கிரவுண்ட் வீட்டில் மழைநீரைக் கிணற்றில் இறக்குவது எப்படி?

2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று அவசரச் சட்டம் வந்தபோது, சென்னையில் தெருத்தெருவாகக் குழி தோண்டினார்கள். மூன்றடி ஆழம், உள்ளே கூழாங்கல், மேலே மணல், ஓரமாக ஒரு குழாய். அப்படித் தோண்டிய பல குழிகளில் இன்று தண்ணீர் இறங்குவதில்லை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பல இடங்களில் மூன்றடியில் இருப்பது களிமண். அதற்குள் தண்ணீர் போகாது. இன்னொன்று, குழி முழுக்கக் கல்லை நிரப்பிவிட்டால் தண்ணீர் நிற்கக் கிடைப்பது கல்லுக்கு நடுவில் உள்ள சந்து மட்டும்தான், குழியின் கொள்ளளவில் பாதிகூட இல்லை. அந்தச் சந்தில் வண்டல் அடைத்துக்கொண்டால், மொத்தக் கல்லையும் அள்ளி வெளியே போடாமல் சுத்தம் செய்யவும் முடியாது.

ஆகவே இந்தக் கட்டுரை அந்தக் குழியைப் பற்றியது அல்ல. ஒரு கிரவுண்ட் மனை, அதாவது 2,400 சதுர அடி. அதில் பாதி வீடு, பாதி வாசலும் சுற்றுப் பாதையும். பின்பக்கம் ஒரு பழைய திறந்த கிணறு. சென்னையில் இப்படி நிறைய வீடுகள் இருக்கின்றன. இந்த வீட்டில் இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். மொட்டை மாடியில் விழும் சுத்தமான தண்ணீரை வடிகட்டிக் கிணற்றில் விடுவது ஒன்று. தரையில் விழுந்து கேட் வழியாகத் தெருவுக்கு ஓடும் மண்ணும் சருகும் கலந்த தண்ணீரைத் தனியாக ஓர் உறைகிணற்றில் இறக்குவது இன்னொன்று. இந்த இரண்டு தண்ணீரையும் கலக்கக் கூடாது. வாசல் தண்ணீரில் வண்டி எண்ணெயும் நாய், பூனை அசிங்கமும் இருக்கும். அது மண்ணுக்குள் வடிந்து போகலாம், நீங்கள் மோட்டார் போட்டு எடுக்கும் கிணற்றில் நேராக விழக் கூடாது.

எவ்வளவு தண்ணீர் வரும்?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் போதும். 1,200 சதுர அடி மாடி என்பது சுமார் 111 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டு மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர். பெருக்கினால் ஒன்றரை லட்சம் லிட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். மாடி சூட்டில் ஆவியாவது, முதல் மழையில் வெளியே விடுவது எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் கழித்துக்கொண்டால் சுமார் 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் பதினோரு லோடு.

ஆனால் இது ஆண்டு முழுவதும் சீராக வருவதில்லை. பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்குள், சில பெருமழைகளில் கொட்டித் தீர்த்துவிடும். அதனால் குழாயும் தொட்டியும் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பதை ஆண்டுக் கணக்கை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் கொட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். இந்த மாடியிலிருந்து அந்த ஒரு மணி நேரத்தில் 5,500 லிட்டர் இறங்கும். கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் அதை மனத்தில் வைத்துத்தான்.

வாங்க வேண்டியவை

- 110 மி.மீ. பி.வி.சி. குழாய் (கடையில் 4 அங்குலம் என்று கேட்டால் தருவார்கள்), தேவையான எல்போ, டீ, கிளாம்ப்
- அதே அளவில் ஒரு கேட் வால்வு, அல்லது திருகித் திறக்கும் மூடி
- மாடித் துவாரங்களுக்கு வலை மூடி
- வடிகட்டித் தொட்டிக்குச் செங்கல், சிமென்ட்
- 40 மி.மீ. ஜல்லி, 20 மி.மீ. ஜல்லி, பெருமணல், நைலான் வலை
- 3 அடி விட்டம், 1 அடி உயரம் கொண்ட சிமென்ட் உறை 15. உறைகிணற்றை மூட கான்கிரீட் மூடி
- கேட் ஓரத்துக் கால்வாய்க்குத் துளையிட்ட கான்கிரீட் பலகைகள் அல்லது இரும்புக் கிராதி

வடிகட்டியில் கரி போட வேண்டுமா என்று நிறையப் பேர் கேட்பார்கள். கிணற்றில் விடும் தண்ணீருக்குத் தேவையில்லை. கரி நாளாக நாளாகப் பொடிந்து கறுப்புத் தூளாகக் கிணற்றில் இறங்கும்.

முதல் வேலை: மாடி

மழைக்காலத்துக்கு முன்னால் மாடியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். தண்ணீர் தொட்டி நிரம்பி வழியும் குழாய், துணி துவைக்கும் இடம், உரம் போட்ட பூந்தொட்டிகள், இவற்றிலிருந்து வரும் நீர் எந்தத் துவாரத்தில் போகிறது? சோப்புத் தண்ணீர் போகும் துவாரத்தைத் தனியாகப் பிரித்துக் கழிவுநீருக்கு விட்டுவிடுங்கள். முடியாவிட்டால் துவைக்கும் இடத்தைக் கீழே மாற்றுங்கள். இதை விட்டுவிட்டு எவ்வளவு நல்ல வடிகட்டி கட்டினாலும் பயனில்லை. மணல் தூசியைப் பிடிக்கும், சோப்பைப் பிடிக்காது.

500, 600 சதுர அடிக்கு ஒரு 4 அங்குலக் குழாய் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வீட்டுக்கு இரண்டு போதும், மூன்று இருந்தால் நல்லது. பழைய வீடுகளில் இந்தக் குழாய்கள் நாலா பக்கமும் இறங்கி, ஒவ்வொன்றும் தன் பாட்டுக்குத் தரையில் கொட்டும். அவற்றைச் சுவர் ஓரமாக ஒரே படுக்கைக் குழாயில் சேர்த்துக் கிணற்றுப் பக்கம் கொண்டுவர வேண்டும். எட்டடிக்கு ஒரு அங்குலம் சரிவு கொடுங்கள். பிளம்பர் கண் பார்வையில் போட விடாதீர்கள், மட்டக் குழாய் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சரிவில்லாத குழாயில் தண்ணீர் தேங்கி நிற்கும், கொசுவும் வரும்.

வீட்டின் பக்கவாட்டு வெட்டுத் தோற்றம் இப்படி இருக்கும்:

```
  ____(1)____
  |         |
  |         |(2)
  |         ||
  |         ||
  |         |+----(4)----->[ 5 ]---->| 6 |
__|_________||_____________|___|_____|   |__
            (3)                      |   |
                                     |~~~|
```

1 மொட்டை மாடி, 2 இறங்கு குழாய், 3 முதல் மழை வால்வு, 4 படுக்கைக் குழாய், 5 வடிகட்டித் தொட்டி, 6 திறந்த கிணறு.

முதல் மழையை வெளியே விடுவது

பல மாதம் காய்ந்த மாடியில் தூசி, காக்கை எச்சம், வாகனப் புகைக் கரி எல்லாம் படிந்திருக்கும். முதல் ஒரு மில்லிமீட்டர் மழையாவது அதைக் கழுவிக்கொண்டு வெளியே போக வேண்டும். இந்த மாடிக்கு அது 111 லிட்டர்.

படங்களில் பார்த்திருப்பீர்கள், இறங்கு குழாயின் அடியில் நாலைந்து அடிக்கு ஒரு துண்டுக் குழாயைத் தொங்கவிட்டு, அதில் அழுக்கு நீர் நிரம்பியதும் மீதி நல்ல நீராக வரும் என்று காட்டுவார்கள். 4 அங்குலக் குழாயில் ஒரு மீட்டருக்கு எட்டு லிட்டர்தான் பிடிக்கும். ஐந்தடித் துண்டில் 12 லிட்டர். 111 லிட்டருக்கு இது எந்த மூலைக்கு? பெரிய மாடிகளுக்கு அந்த ஏற்பாடு பொருந்தாது.

எளிய வழி வால்வுதான். இறங்கு குழாய் படுக்கைக் குழாயோடு சேரும் இடத்தில் ஒரு டீ போட்டு, நேர் கீழே போகும் வாயில் கேட் வால்வு வையுங்கள். கோடை முழுவதும் அது திறந்தே இருக்கட்டும். முதல் மழை பெய்யும்போது பத்து, பதினைந்து நிமிடம் அந்த வழியாக ஓட விட்டு, கையில் ஏந்திப் பார்த்தால் தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்று தெரிந்ததும் மூடுங்கள். அதன்பின் தண்ணீர் வடிகட்டிக்குப் போகும். நடுவில் இரண்டு வாரம் மழையே இல்லாமல் போனால் மறுபடி திறந்து வையுங்கள். வெளியே விடும் அந்த அழுக்கு நீரையும் தென்னைக்கோ வாழைக்கோ திருப்பலாம்.

வீட்டில் எப்போதும் ஆள் இருப்பதில்லை என்றால், அந்த வாயில் மூடியுள்ள ஒரு 100 லிட்டர் டிரம்மைப் பொருத்தி, டிரம்மின் அடியில் பென்சில் நுழையும் அளவுக்கு ஒரு துளை விடுங்கள். டிரம் நிரம்பியதும் மழைநீர் தானாகப் படுக்கைக் குழாய்க்குத் திரும்பும். மழை விட்டதும் டிரம் மெதுவாகக் காலியாகி அடுத்த மழைக்குத் தயாராகும். துளை அடைத்துக்கொள்ளாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

வடிகட்டித் தொட்டி

3 அடி நீளம், 3 அடி அகலம், 3 அடி ஆழம். கிணற்றுக்கு அருகில், பாதி தரைக்குள்ளும் பாதி வெளியிலும் இருக்கும்படி செங்கலில் கட்டி உள்ளே பூசலாம். படுக்கைக் குழாய் தொட்டியின் மேல் விளிம்பில் நுழையும் உயரத்தைப் பார்த்து ஆழத்தை முடிவு செய்யுங்கள்.

```
 (1)-->|                 |
       |~~~~~~~~~~~~~~~~~|-->(2)
       |                 |
       |: : : : : : : : :|   (3)
       |: : : : : : : : :|
       |-----------------|   (4)
       |o o o o o o o o o|   (5)
       |O   O   O   O   O|-->(7)
       |  O   O   O   O  |   (6)
       +-----------------+
```

1 மாடி நீர் வரும் குழாய், 2 வழிவுக் குழாய், 3 பெருமணல் 9 அங்குலம், 4 நைலான் வலை, 5 20 மி.மீ. ஜல்லி 6 அங்குலம், 6 40 மி.மீ. ஜல்லி 9 அங்குலம், 7 கிணற்றுக்குப் போகும் குழாய்.

மணலின் மேல் ஓர் அடி காலியாக இருப்பது வீண் இடமில்லை. கொட்டும் மழையில் தண்ணீர் அங்கே நின்று, தன் எடையால் மணலுக்குள் இறங்கும். அதைக் குறைத்து மணலைக் கூட்டினால் தொட்டி உடனே வழியத் தொடங்கிவிடும். மணல் பெரிய பரலாக இருக்க வேண்டும். பூச்சு மணல் போட்டால் அடைத்துக்கொள்ளும். எம்-சாண்ட் போடுவதானால் கல் தூள் போகும்வரை நன்றாக அலசிப் போடுங்கள், இல்லாவிட்டால் முதல் மழையிலேயே கிணற்று நீர் வெளுத்துவிடும்.

குழாய் விழும் இடத்தில் மணலின் மேல் ஒரு தட்டைக் கல் வையுங்கள். நேராக விழும் தண்ணீர் மணலைத் தோண்டி ஜல்லிவரை பள்ளமாக்கிவிடும், அப்புறம் வடிகட்டாத நீர் அந்தப் பள்ளம் வழியாகப் போய்க்கொண்டே இருக்கும். கிணற்றுக்குப் போகும் குழாயின் உள்முனைக்கு ஜல்லி நுழையாதபடி வலை கட்டுங்கள். வெளிமுனை கிணற்றின் சுவரைத் தாண்டி ஓர் அடியாவது உள்ளே நீட்டிக்கொண்டு இருக்கட்டும், சுவரில் வழிந்தால் பூச்சு பெயரும். வழிவுக் குழாயை அடுத்து வரும் உறைகிணற்றுக்கு விடுங்கள்.

கிணறு இல்லை, போர் மட்டும்தான் இருக்கிறது என்றால்? ஓடிக்கொண்டிருக்கும் போருக்குள் நேராக மழைநீரை விடாதீர்கள். சிறிது வண்டல் போனாலும் குழாயின் சல்லடைத் துளைகள் அடைந்து, இருக்கிற ஊற்றும் போய்விடும். போருக்குச் சற்றுத் தள்ளி உறைகிணறு போட்டு, வடிகட்டித் தொட்டியின் நீரை அதில் இறக்கினால் போதும். வாசல் தண்ணீருக்கு அப்போது வேறொரு உறைகிணறு வேண்டும்.

உறைகிணறு

இந்த வேலையில் பணம் அதிகம் போவதும், தவறு அதிகம் நடப்பதும் இங்கேதான். முதலில் உங்கள் மனைக்குக் கீழே என்ன மண் என்று தெரிய வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பெரும்பாலும் மணல், தண்ணீர் விட்டதும் குடித்துவிடும். விருகம்பாக்கம் போன்ற பகுதிகளில் மேலே களிமண். கிண்டி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடியிலேயே பாறை வந்துவிடும். ஒரே தெருவில்கூட இது மாறும். அக்கம்பக்கத்தில் அண்மையில் கிணறோ அஸ்திவாரமோ தோண்டியவர்களைக் கேளுங்கள். தோண்டும்போது வரும் ஈர மண்ணைக் கையில் உருட்டிப் பாருங்கள். உடையாமல் கயிறு போலத் திரிக்க முடிந்தால் அது களிமண், உதிர்ந்துவிட்டால் மணல்.

ஆழம் எவ்வளவு என்று யாராவது மண்ணைப் பார்க்காமலே சொன்னால் ஏற்காதீர்கள். நீர் குடிக்கும் அடுக்கு வரும்வரை போக வேண்டும், அதுதான் ஆழம். நம் எடுத்துக்காட்டு வீட்டில் 11 அடிவரை களிமண், அதற்குக் கீழே மணல் என்று வைத்துக்கொள்வோம். 15 அடி போனால் நாலடி மணலுக்குள் இருப்போம். 15 அடியிலும் களிமண்ணே வந்தால், உறைகிணற்றின் அடியிலிருந்து மணல் அடுக்குவரை ஒரு 6 அங்குலத் துளை போட்டு, துளையிட்ட பி.வி.சி. குழாயை இறக்கி, அதன் மேல்முனையை வலை கட்டி அடித்தளத்துக்கு இரண்டடி மேலே நிறுத்துங்கள். வண்டல் கீழே படியும், மேல் நீர் மட்டும் குழாய் வழியாக இறங்கும்.

இடம்: கேட்டுக்கு உள்பக்கம், மனையின் தாழ்வான மூலையில். வீட்டு அஸ்திவாரத்திலிருந்து ஐந்தடியாவது தள்ளி. செப்டிக் டேங்க் இருந்தால் முடிந்த அளவு தூரம், 30 அடி இருந்தால் நிம்மதி.

தோண்டும் முறை முக்கியம். வெறும் குழியை 15 அடி தோண்டிவிட்டு அப்புறம் உறை இறக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். மணல் அடுக்கில் குழி சரிந்தால் உள்ளே இருப்பவர் புதைந்துபோவார். முதல் உறையை மேலே வைத்து, அதற்குள் நின்று அடிமண்ணைச் சுற்றிலும் சமமாக எடுத்தால் உறை தன் எடையால் இறங்கும். அதன்மேல் அடுத்த உறை, மறுபடி தோண்டல். இப்படி இறக்கத் தெரிந்த, உறைகிணறு வேலையே செய்கிற ஆட்களைக் கூப்பிடுங்கள். தலைக்கு மேல் ஆழம் போனதும் மேலே ஒருவர் கயிற்றுடன் நிற்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது.

```
 _____[====(1)====]_____
 (2)-->||         ||
       ||         ||   (3)
       |           |
       |           |   (4)
       |           |
 - - - |           | - - - (5)
       |           |
       |o o o o o o|   (6)
       +- - - - - -+
```

1 காற்றுத் துளையுள்ள கான்கிரீட் மூடி, 2 வாசல் நீர் வரும் குழாய், 3 சிமென்ட் பூசி இணைத்த மேல் இரண்டு உறைகள், 4 இணைப்பில் பூச்சில்லாத உறைகள், 5 களிமண் முடிந்து மணல் தொடங்கும் இடம், 6 அடியில் ஓர் அடி 40 மி.மீ. ஜல்லி.

மேல் இரண்டு உறைகளின் இணைப்பை மட்டும் பூசுங்கள், மேல்மண் கரைந்து உள்ளே வராமலிருக்க. மற்ற இணைப்புகளைப் பூசக் கூடாது, அவற்றின் வழியாகத்தான் தண்ணீர் பக்கவாட்டில் மண்ணுக்குள் போகும். உள்ளே கல் நிரப்பாதீர்கள். அடியில் ஓர் அடி ஜல்லி, விழும் தண்ணீர் மணலைக் கலக்காமலிருக்கத்தான். மீதி காலியாக இருந்தால் இந்தக் கிணறு விளிம்புவரை சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். கல்லால் நிரப்பினால் அதில் பாதிக்கும் குறைவுதான்.

வாசல் நீரைப் பிடிக்க, கேட்டின் அகலம் முழுவதும் உள்பக்கமாக ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் கால்வாய் வெட்டி, மேலே துளையிட்ட பலகை போடுங்கள். வண்டி ஏறும் இடம், ஆகையால் மெல்லிய பலகை வேண்டாம். கால்வாயிலிருந்து உறைகிணற்றுக்குப் போகும் குழாயைக் கால்வாயின் தரைக்கு நாலு அங்குலம் மேலே வையுங்கள். மண் கால்வாயிலேயே தங்கிவிடும், மழைக்குப் பிறகு மூடியைத் தூக்கிக் கரண்டியால் அள்ளிவிடலாம். இந்தச் சின்ன விஷயத்தைச் செய்யாததால்தான் பல உறைகிணறுகள் மூன்று நாலு ஆண்டில் சேற்றால் மூடிப்போகின்றன.

இதையெல்லாம் மே, ஜூன் மாதத்தில் செய்யுங்கள். நிலத்தடி நீர் கீழே இருக்கும், உறை இறக்குவது எளிது. செப்டம்பரில் தொடங்கினால் ஆட்களும் கிடைக்க மாட்டார்கள், குழியில் ஊற்றும் வந்துவிடும்.

சரியாக வேலை செய்கிறதா?

மழைக்கு முன்பே சோதித்துப் பார்க்கலாம். உறைகிணற்றில் குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ ஆயிரம் லிட்டர் விட்டு, குச்சியால் மட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மணலில் சில மணி நேரத்தில் காணாமல் போகும். இரண்டு நாள் கழித்தும் அப்படியே நின்றால் மணல் அடுக்கை நீங்கள் எட்டவில்லை.

வடிகட்டியில், மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியும் மணலின் மேல் தண்ணீர் நின்றால் மேல்மணல் அடைத்திருக்கிறது. மேலே இரண்டு அங்குல மணலை மட்டும் அள்ளி அலசிப் போட்டால் சரியாகிவிடும். மாறாக, எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் நிற்கவே இல்லை, கிணறும் கலங்குகிறது என்றால் வலை கிழிந்து மணல் கீழே போயிருக்கும். அப்போது முழுவதையும் எடுத்துத்தான் ஆக வேண்டும். கிணற்று நீரில் சாக்கடை வாடை வந்தால் மழைநீர்க் குழாயைக் குறை சொல்லாதீர்கள், பக்கத்தில் எங்கோ கழிவுநீர்க் குழாய் உடைந்திருக்கிறது. அந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. பொதுவாகவே இந்தக் கிணற்று நீரைக் குடிக்கப் பயன்படுத்துவதானால் சோதனைக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

கிணற்றுக்கு நைலான் வலை, உறைகிணற்று மூடியின் காற்றுத் துளைக்கும் வலை கட்டாயம். சென்னையில் மலேரியாவைப் பரப்பும் கொசு கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் முட்டையிடுவது.

கிணற்று விளிம்பிலிருந்து நீர்மட்டம் எத்தனை அடியில் இருக்கிறது என்று மாதம் ஒருமுறை கயிறு விட்டு அளந்து எழுதி வையுங்கள். ஒரே ஆண்டில் பெரிய மாற்றத்தை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் இறக்கும் தண்ணீர் உங்கள் மனைக்குள்ளேயே நிற்காது, பக்கத்து மனைக்குக் கீழும் பரவும். தெருவில் பத்து வீட்டில் செய்தால் மே மாதக் கணக்கில் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

நல்ல மழை ஆண்டுகளில் நவம்பர் கடைசியில் தாழ்வான பகுதிகளில் நிலத்தடி நீரே மூன்று நாலு அடிக்கு வந்துவிடும். அப்போது உறைகிணறு நிரம்பி நிற்கும், புதிதாக எதுவும் இறங்காது. அது பழுதல்ல, மண் நிறைந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த நாட்களில் மாடி நீரைக் கிணற்றுக்கு விடுவதை நிறுத்தி, வடிகட்டித் தொட்டியிலிருந்து சம்ப்புக்கு ஒரு கிளைக் குழாய் கொடுத்திருந்தால், வடிகட்டிய தண்ணீரைத் துவைக்கவும் துடைக்கவும் நேராக எடுத்துக்கொள்ளலாம். கிளைக் குழாய் வேண்டுமா என்பதைத் தொட்டி கட்டும்போதே முடிவு செய்துவிடுங்கள், பிறகு சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.